வருமானக் கணக்குக்கு எந்த வளைவு: நார்மலா, லாக்நார்மலா, சிங்-மத்தாலாவா?

அமெரிக்க சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் வீட்டு வருமான அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எல்லா வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் ஆண்டு வருமானம் 74,580 டாலர். இதுதான் இடைநிலை. மொத்த வருமானத்தை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரியோ 1,06,400 டாலர். இரண்டுக்கும் நடுவே 30,000 டாலருக்கு மேல் இடைவெளி. கீழிருந்து 10 சதவீதம் முடியும் இடத்தில் 17,100 டாலர், 90 சதவீதம் முடியும் இடத்தில் 2,16,000 டாலர்.

அறிக்கையில் இப்படிச் சில புள்ளிகள்தான் கிடைக்கும். நமக்கு வரும் கேள்விகளோ அந்தப் புள்ளிகளுக்கு நடுவே விழும். 25,000 டாலருக்குக் கீழே எத்தனை சதவீத வீடுகள்? சராசரி எவ்வளவு? ஆயிரத்தில் ஒரு வீடு எந்தத் தொகையைத் தாண்டுகிறது? பதில் சொல்ல, புள்ளிகளை இணைக்கும் முழு வளைவு ஒன்று வேண்டும். எந்த வளைவைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். பாடப்புத்தகத்தில் “வருமானத்துக்கு லாக்நார்மல்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை மேலே சொன்ன எண்களே காட்டிக்கொடுக்கும்.

நார்மல் ஏன் முதலிலேயே விழுகிறது

முதலில் எல்லோருக்கும் பழக்கமான மணி வடிவ வளைவை, அதாவது நார்மல் பரவலைப் பொருத்திப் பார்ப்போம். நார்மலில் நடுப்புள்ளிக்கு இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும். 90வது சதமானம் நடுவிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறதோ, 10வது சதமானம் அவ்வளவே கீழே இருக்க வேண்டும். நம் தரவில் 90வது சதமானம் இடைநிலையிலிருந்து 1,41,420 டாலர் மேலே இருக்கிறது. அப்படியானால் 10வது சதமானம் 74,580-இலிருந்து அதே அளவு கீழே, −66,840 டாலரில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு வீடு ஆண்டுக்கு 66,840 டாலருக்கு மேல் இழக்கிறது என்று இந்த வளைவு சொல்கிறது. உண்மையில் அங்கே இருப்பது 17,100.

சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் கொடுத்து “சராசரி ± திட்டவிலக்கம்” என்று வருமான அட்டவணை போடும் எவரும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். அதை எழுதும்போது எதிர்மறை வருமானம் கண்ணில் படாது. அதனால்தான் இன்னும் பல அறிக்கைகளில் அது வந்துகொண்டே இருக்கிறது.

லாக் எடுத்தால் என்ன நடக்கிறது

வருமானம் கூட்டலில் வளர்வதைவிடப் பெருக்கலில்தான் அதிகம் வளர்கிறது. சம்பள உயர்வு என்றால் 8 சதவீதம், 10 சதவீதம் என்றுதான் பேசுகிறோம். 40,000 டாலர் வாங்குபவருக்கு 10 சதவீதம் என்றால் 4,000. 4 லட்சம் வாங்குபவருக்கு அதே 10 சதவீதம் 40,000. டாலர் கணக்கில் இரண்டும் பத்து மடங்கு வேறு. மடக்கை, அதாவது லாக் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தூரம்: இரண்டு பேருமே ln 1.1 = 0.095 நகர்ந்திருக்கிறார்கள். பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான் லாக்கின் வேலை.

இப்போது ஒரு வீட்டின் வருமானம் பல வருடங்களில் பல சிறிய சதவீத ஏற்ற இறக்கங்களின் பெருக்கலாக உருவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக்கில் அது பல சிறிய எண்களின் கூட்டல். ஒன்றையொன்று சாராத பல சிறிய எண்களைக் கூட்டினால் நார்மல் வரும் என்பது மைய எல்லைத் தேற்றம். ஆகவே வருமானத்தின் லாக் நார்மலாக இருக்கும். லாக் நார்மலாக இருக்கும் எண்ணைத்தான் லாக்நார்மல் என்கிறோம். பெயரைக் கேட்டு “நார்மலின் லாக்” என்று புரிந்துகொண்டால் தலைகீழாகப் போய்விடும். லாக் எடுத்தால் நார்மல், அவ்வளவுதான்.

இது பழைய யோசனை. 1879-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் பிரான்சிஸ் கால்டன், சமூக அளவுகளுக்குச் சாதாரணச் சராசரியைவிடப் பெருக்குச் சராசரிதான் பொருத்தம் என்று வாதிட்டார். அதற்கான கணிதத்தை டொனால்ட் மக்அலிஸ்டர் அதே ஆண்டில் எழுதிக் கொடுத்தார். வருமானத்துக்கும் தொழில் நிறுவனங்களின் அளவுக்கும் இதைப் பொருத்தி, விகித விளைவு விதி என்று நிலைநிறுத்தியவர் ராபர்ட் ஜிப்ரா என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அது 1931.

லாக்கின் சராசரி μ, லாக்கின் திட்டவிலக்கம் σ என்றால் மூன்று எண்கள் உடனே கிடைக்கும். இடைநிலை e^μ. சராசரி e^(μ+σ²/2). அதிகம் பேர் குவியும் முகடு e^(μ−σ²). லாக்கில் மூன்றும் ஒரே புள்ளிதான். டாலருக்குத் திரும்பி வரும்போதுதான் அவை பிரிந்து, முகடு இடப்பக்கமும் சராசரி வலப்பக்கமும் போகின்றன. வலப்பக்கம் நீளும் வால் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். σ பெரிதாக ஆக இந்த மூன்றும் இன்னும் விலகிக்கொண்டே போகும்.

நம் தரவுக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரியை இடைநிலையால் வகுத்தால் e^(σ²/2) கிடைக்க வேண்டும். 1,06,400 ÷ 74,580 = 1.427. அதன் லாக் 0.355. இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால் σ = 0.843. இரண்டே எண்களை வைத்து வளைவு முழுவதும் கையில் வந்துவிட்டது. அதன்படி முகடு சுமார் 36,600 டாலரில் இருக்கும். சராசரி வருமானத்துக்குக் கீழே 66 சதவீத வீடுகள் இருக்கும். “சராசரி வீடு” என்று நாம் சொல்லும்போது மூன்றில் இரண்டு வீடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

கிராஃப் தாளில் ஏழு புள்ளிகள்

இனி உண்மைப் புள்ளிகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி, கையாலேயே வரைவது. கிராஃப் தாளில் கிடை அச்சில் நார்மல் வளைவின்படி ஒவ்வொரு சதமானமும் நிற்க வேண்டிய இடத்தைக் குறியுங்கள்: 10வது சதமானத்துக்கு −1.28, 20வதுக்கு −0.84, 80வதுக்கு +0.84, 90வதுக்கு +1.28, இப்படி. செங்குத்து அச்சில் அந்தச் சதமானத்தின் வருமானத்தை லாக் எடுத்து வையுங்கள். தரவு லாக்நார்மல் என்றால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சரிவுதான் σ.

இந்தத் தரவை அப்படி வரைந்து ஸ்கேலை வைத்தால், இடைநிலையிலிருந்து மேலே 60, 80, 90, 95 சதமானப் புள்ளிகள் ஸ்கேல் விளிம்பை ஒட்டி நிற்கும். அதே கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், 40வது சதமானத்தில் புள்ளி மயிரிழை இறங்கியிருக்கும். 20வதில் தெளிவாகக் கீழே. 10வதில் ஸ்கேலுக்கும் புள்ளிக்கும் நடுவே பேனா முனையே நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரே கோடு இல்லை, இடைநிலைக்கு அருகில் மடங்கிய கோடு.

வரையாமல் கணக்கிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு:

```python
import numpy as np
from scipy.stats import norm
p = np.array([.10, .20, .40, .60, .80, .90, .95])
x = np.array([17100, 30000, 58020, 94000, 153000, 216000, 295000])
print(np.log(x / 74580) / norm.ppf(p))
```

ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலையிலிருந்து அளந்த சரிவு வரும்: 1.15, 1.08, 0.99, 0.91, 0.85, 0.83, 0.84. லாக்நார்மல் உண்மை என்றால் ஏழும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். மேலே 0.84-ஐச் சுற்றி அமைதியாக நிற்கிறது. கீழே போகப் போக 1.15 வரை ஏறுகிறது.

டாலரில் எவ்வளவு பிசகு என்பதை அட்டவணையில் பாருங்கள். கடைசிப் பத்தியில் இருக்கும் சிங்-மத்தாலாவைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். மாதிரிகளின் எண்கள் தோராயமானவை.

| சதமானம் | உண்மை (டாலர்) | லாக்நார்மல், σ = 0.843 | சிங்-மத்தாலா |
|---|---|---|---|
| 10 | 17,100 | 25,300 | 17,100 |
| 20 | 30,000 | 36,700 | 30,400 |
| 40 | 58,020 | 60,200 | 58,300 |
| 60 | 94,000 | 92,300 | 94,000 |
| 80 | 1,53,000 | 1,51,600 | 1,53,800 |
| 90 | 2,16,000 | 2,19,700 | 2,16,000 |
| 95 | 2,95,000 | 2,98,400 | 2,83,000 |

மேல் பாதியில் லாக்நார்மலின் பிசகு எங்கும் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. இரண்டே எண்களிலிருந்து வந்த வளைவு இவ்வளவு நெருங்குவது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 10வது சதமானத்தில் 48 சதவீதம் அதிகமாகச் சொல்கிறது. திருப்பிக் கேட்டால் இன்னும் மோசம். 17,100 டாலருக்குக் கீழே எத்தனை பேர் என்றால், உண்மை 10 சதவீதம், லாக்நார்மல் சொல்வது 4 சதவீதம். வறுமையைப் பற்றி முடிவெடுக்கும் ஒருவர் இந்த வளைவை நம்பினால் பாதிக்கு மேற்பட்ட ஏழை வீடுகள் அவர் தாளில் இருக்கவே இருக்காது.

σ-வை மாற்றினால் சரியாகுமா?

சரி, கீழ்ப்பக்கத்தையும் சேர்த்து σ-வைக் கணக்கிட்டால் என்ன என்று தோன்றும். 90வது சதமானத்தை 10வதால் வகுத்தால் 12.63. அதிலிருந்து வரும் σ 0.99. இதைப் போட்டால் 95வது சதமானம் 3,80,000 டாலருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். உண்மை 2,95,000. சராசரியும் சுமார் 1,21,700 ஆகிவிடும், 14 சதவீதம் அதிகம். போர்வையைக் கீழே இழுத்தால் தலை தெரிகிறது, மேலே இழுத்தால் கால் தெரிகிறது. ஒரே σ-வால் இரண்டையும் மூட முடியாது.

சராசரி எப்படி இவ்வளவு எகிறியது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். σ 0.84-இலிருந்து 0.99-க்குப் போனது சின்ன மாற்றம் போலத் தெரிகிறது. ஆனால் சராசரியில் அது வர்க்கமாகி, பாதியாகி, e-யின் அடுக்கில் போய் உட்காருகிறது. முன்பு இடைநிலையை 1.43-ஆல் பெருக்கினோம், இப்போது 1.63-ஆல் பெருக்குகிறோம். சிறிய மாதிரியில் σ-வைக் கணிக்கும்போது வரும் சாதாரணப் பிழைகூடச் சராசரியை இப்படித் தூக்கியடிக்கும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். σ = 0.843 வளைவு சராசரியைச் சரியாகக் கொடுப்பது அதன் திறமையால் இல்லை, நாம்தான் சராசரியை வைத்து அதைப் பொருத்தினோம். கீழே வீடுகளுக்கு இல்லாத வருமானத்தைக் கொடுத்து, உச்சியில் இருக்கும் வருமானத்தைக் குறைத்து, இரண்டும் கழிந்து சராசரி நேராகிறது. சமத்துவமின்மையைப் பார்த்தால் இது வெளியே வந்துவிடும். லாக்நார்மலுக்கு ஜினி குறியீடு σ-வை மட்டுமே சார்ந்தது. 0.843-க்கு அது 0.449. அதே அறிக்கை தரும் ஜினி 0.488. இரண்டு முனையிலும் விட்டுப்போனதுதான் அந்த வித்தியாசம்.

கீழ்ப்பாதி ஏன் உடைகிறது

ஜிப்ராவின் கதை வேலை செய்து, சதவீதத்தில் உயர்வு வாங்கும் வீட்டுக்குப் பொருந்தும். அடித்தட்டில் இருக்கும் வீடுகளின் கதை வேறு. தனியாக ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், கல்லூரி மாணவர், வேலை இழந்து பாதி ஆண்டு வருமானம் இல்லாதவர் எல்லாம் அங்கே கலந்திருக்கிறார்கள். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடும் ஒருவர் மட்டும் இருக்கும் வீடும் இந்தக் கணக்கில் ஒவ்வொரு வீடுதான். அதோடு இந்த அறிக்கையின் வருமானம் என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய பணம் மட்டுமே. அரசு தரும் உணவு உதவி போன்ற பணமல்லாத உதவிகள் இதில் சேராது. அதனால் அடியில் இருக்கும் வீடு, உண்மையில் வாழ்வதைவிட ஏழ்மையாகக் காகிதத்தில் தெரியும். லாக் அதை இன்னும் கீழே இழுக்கும்.

டாலரில் வலப்பக்கம் சாய்ந்திருந்த தரவு, லாக்கில் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. லாக் வலக் கோட்டத்தைச் சரிசெய்யும் என்பது உண்மை. தேவைக்கு மேலேயும் செய்துவிடும் என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

பூச்சிய வருமானம் இன்னொரு தலைவலி. பூச்சியத்துக்கு லாக் கிடையாது. எல்லா எண்களிலும் 1-ஐக் கூட்டி லாக் எடுப்பது வழக்கமாகிவிட்டது. இதைச் செய்ய வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன். டாலரில் எழுதியிருந்தால் பூச்சிய வீட்டின் லாக் 0, இடைநிலை வீட்டின் லாக் 11.2. σ 0.84 என்றால் அந்த வீடு நடுவிலிருந்து 13 திட்டவிலக்கம் தள்ளி நிற்கும். அதே தரவை ஆயிரம் டாலர் அலகில் எழுதி 1-ஐக் கூட்டினால் இடைநிலை 4.3 ஆகி, அந்த வீடு சுமார் 5 திட்டவிலக்கத்துக்கு வந்துவிடும். வீடு மாறவில்லை, வருமானம் மாறவில்லை, அலகு மட்டும் மாறியது. பூச்சிய வீடுகளைத் தனியாக எண்ணி, “இத்தனை சதவீதம் வருமானமே இல்லை, மீதிப்பேருக்கு இந்த வளைவு” என்று இரண்டு பகுதியாக எழுதுவதுதான் சரியான வழி.

ஒரு எண் கூடுதலாகக் கொடுத்தால்

மூன்றாவது வாய்ப்பு, எஸ்.கே.சிங்கும் ஜி.எஸ்.மத்தாலாவும் 1976-இல் வருமானத்துக்கென்றே முன்வைத்த பரவல். லாக்நார்மலில் இரண்டு எண்கள், இதில் மூன்று. எழுதுவதற்கும் எளிது:

F(x) = 1 − [1 + (x/b)^a]^(−q)

x டாலருக்குக் கீழே எத்தனை பங்கு வீடுகள் என்பதை இந்தச் சூத்திரம் நேரடியாகத் தருகிறது. அட்டவணையைத் தேட வேண்டியதில்லை, கால்குலேட்டர் போதும். b அளவுகோல். a கீழ் வாலைத் தீர்மானிக்கிறது. a-யும் q-வும் பெருகி வருவது மேல் வாலைத் தீர்மானிக்கிறது. இரண்டு வாலுக்கும் தனித்தனிக் கயிறு இருப்பதால் லாக்நார்மலுக்கு முடியாத வேலை இதற்கு முடிகிறது.

q-வை 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக வைத்து, இடைநிலைக்கும் 10வது சதமானத்துக்கும் பொருந்தும் a எது, இடைநிலைக்கும் 90வதுக்கும் பொருந்தும் a எது என்று பார்த்துக்கொண்டே போனேன். q = 2-இல் 1.38, 1.55 என்று இரண்டும் விலகி நிற்கின்றன. q = 3-இல் 1.35, 1.40. q = 4-இல் இரண்டுமே 1.33. b சுமார் 2,60,800 டாலர். அட்டவணையின் கடைசிப் பத்தி இந்த மூன்று எண்களிலிருந்து வந்ததுதான். பொருத்தப் பயன்படுத்தாத 20, 40, 60, 80 சதமானங்கள் எல்லாமே ஒன்றரை சதவீதத்துக்குள் விழுவதைப் பாருங்கள்.

25,000 டாலருக்குக் கீழே எத்தனை வீடுகள் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். லாக்நார்மல் 9.7 சதவீதம் என்கிறது. சிங்-மத்தாலா 15.9 என்கிறது. உண்மைத் தரவில் 17,100-இல் 10 சதவீதம், 30,000-இல் 20 சதவீதம் என்பதால் 25,000-இல் 16 பக்கம்தான் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் 13 கோடிக்கு மேல் வீடுகள். ஆறு சதவீத வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 80 லட்சம் வீடுகள். இந்தக் கேள்விக்கு லாக்நார்மலைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காமா பரவலையும் சிலர் வருமானத்துக்குப் போடுவார்கள். அதன் மேல் வால் அடுக்குக்குறி வேகத்தில் இறங்கிவிடுவதால் பணக்கார முனையில் லாக்நார்மலைவிடவும் மெலிந்தது. அதற்கு மேல் அதில் நிற்க ஒன்றுமில்லை.

சிங்-மத்தாலாவுக்கும் ஒரு குறை இருக்கிறது. 95வது சதமானத்தில் அது 4 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. சராசரியைக் கணக்கிட்டால் 1,01,700 டாலர் வருகிறது, உண்மையைவிட 4,700 குறைவு. கீழும் நடுவும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய பிறகு, இந்த 4,700 எங்கே போயிருக்கும்? உச்சியில்தான். எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்தால் 4,700. அதை மேல் 5 சதவீத வீடுகளுக்கு மட்டும் பகிர்ந்தால் வீட்டுக்கு 94,000 டாலர். அவ்வளவு பணத்தை இந்த வளைவு பார்க்கவில்லை.

உச்சிக்குத் தனி வால்

மேல் 5 சதவீதத்துக்கு 1890களில் வில்ஃப்ரெடோ பரேட்டோ கண்ட விதியைப் பொருத்துவதே வழக்கம்: x-ஐத் தாண்டும் வீடுகளின் பங்கு x^(−α) விகிதத்தில் குறையும். 90வது சதமானத்திலிருந்து 95வதுக்குப் போகும்போது தாண்டுபவர்கள் பாதியாகிறார்கள், வருமானம் 2,16,000-இலிருந்து 2,95,000 ஆகிறது. அதிலிருந்து α சுமார் 2.2.

95வது சதமானம் வரை லாக்நார்மலும் பரேட்டோவும் கைகோத்துத்தான் வருகின்றன. அதைத் தாண்டிய பிறகு பிரிகின்றன. ஆயிரத்தில் ஒரு வீடு தாண்டும் தொகை லாக்நார்மலில் சுமார் 10 லட்சம் டாலர், பரேட்டோவில் 17 லட்சம். எது சரி என்பதைக் கையில் உள்ள ஏழு புள்ளிகள் சொல்லாது. 95-க்குக் கீழே எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் அது 99.9-க்குச் சாட்சி ஆகாது. வீடு வீடாகக் கேட்கும் சர்வேயில் பெரும் பணக்காரர்கள் சரியாகப் பிடிபடுவதும் இல்லை. உச்சியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வருமான வரித் தரவுக்குத்தான் போக வேண்டும், α-வையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலே நான் போட்ட 2.2 வழிமுறையைக் காட்டுவதற்கு மட்டும்.

ஜிப்ராவின் பெருக்கல் கதையிலிருந்தே பரேட்டோ வாலும் பிறக்கும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எல்லோரும் ஒரே எண்ணிக்கை வருடங்கள் பெருக்கலில் வளர்ந்தால் லாக்நார்மல் வரும். ஆனால் ஒருவர் 3 வருடமாகச் சம்பாதிக்கிறார், இன்னொருவர் 35 வருடமாக. இந்த வருடங்கள் அடுக்குக்குறிப் பரவலில் இருந்தால், லாக்நார்மல்கள் பலவும் கலந்து மேலேயும் கீழேயும் பரேட்டோ வால் முளைக்கும். இரட்டைப் பரேட்டோ-லாக்நார்மல் என்று இதற்குப் பெயர். கிராஃப் தாளில் கீழ்ப்பாதிப் புள்ளிகள் கோட்டை விட்டு இறங்கியதற்கும் உச்சி தடிப்பதற்கும் இது ஓரளவு விளக்கம் தருகிறது.

என் தேர்வு

தனித்தனி வீடுகளின் தரவு முழுவதும் கையில் இருந்தால், சராசரிக்கும் சதமானத்துக்கும் எந்த வளைவும் தேவையில்லை. நேரடியாக எண்ணிவிடுங்கள். வளைவு வேண்டியிருப்பது புள்ளிகள் மட்டும் கிடைக்கும்போதும், மாதிரி சிறியதாக இருக்கும்போதும், வருமானத்தைக் கல்வி, அனுபவம் போன்றவற்றோடு தொடர்புபடுத்தும்போதும்.

கடைசியாகச் சொன்ன வேலைக்கு நான் லாக்கைத்தான் எடுப்பேன். ஒரு வருடக் கூடுதல் படிப்பு வருமானத்தை எத்தனை சதவீதம் உயர்த்துகிறது என்று கேட்பதே இயல்பான கேள்வி, அதற்கு லாக் நேராகப் பதில் தரும். ஆனால் லாக்கில் கணித்ததை அப்படியே e-யின் அடுக்கில் போட்டு டாலருக்குத் திருப்பினால் கிடைப்பது இடைநிலை, சராசரி இல்லை. நம் தரவின் அளவுக்கு σ இருந்தால், அதை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி “மொத்த வருமானம்” என்று சொல்பவர் 30 சதவீதம் குறைத்துச் சொல்லிவிடுவார். கணிப்புக்கும் உண்மைக்கும் நடுவே மிஞ்சும் வித்தியாசங்களான எச்சங்கள் நார்மலாக இருந்தால் σ²/2-ஐக் கூட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். நார்மலாக இல்லையென்றால் ஒவ்வொரு எச்சத்தையும் e-யின் அடுக்கில் போட்டு, அவற்றின் சராசரியால் பெருக்க வேண்டும்.

நடுத்தர, மேல்நடுத்தர வீடுகளைப் பற்றிய கேள்வி என்றால், 40 முதல் 95 சதமானம் வரை, லாக்நார்மல் போதும். இரண்டே எண்களில் வேலை முடியும், மற்றவர்களுக்கு விளக்குவதும் எளிது. வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்றால் சிங்-மத்தாலா. மேல் 1 சதவீதம் என்றால் வரித் தரவும் பரேட்டோவும்.

லாக்நார்மலைத் தேர்ந்தெடுத்து `scipy`-இல் போடுபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். `scale` என்ற இடத்தில் μ-வைக் கொடுக்கக் கூடாது, e^μ-வைக் கொடுக்க வேண்டும். `fit` போடும்போது `floc=0` எழுதாவிட்டால் அது வளைவின் தொடக்கப் புள்ளியையும் தானே நகர்த்திவிடும். அப்போது லாக்கின் சராசரி, திட்டவிலக்கம் என்ற பொருளே போய்விடும்.

```python
from scipy.stats import lognorm
d = lognorm(s=0.843, scale=74580)
print(d.median(), d.mean(), d.cdf(17100))
```

இது 74,580-ஐயும், 1,06,400-ஐ ஒட்டிய எண்ணையும், 0.04-ஐயும் அச்சிடும். அந்த 0.04 இருக்க வேண்டிய இடத்தில் சென்சஸ் பீரோவின் எண் 0.10.